காய்கறிச் சந்தா: விலகிப் போகும் குடும்பங்களையும் கணக்கில் சேருங்கள்

நகரத்திலுள்ள வீடுகளுக்கு வாரம் ஒரு முறை காய்கறிப் பை கொண்டு போய்க் கொடுத்து, அதற்கு மாதச் சந்தாவாகப் பணம் பெறும் முறை பல ஊர்களில் பரவி வருகிறது. மண்டிக்குக் கொண்டு போனால் அன்றைய விலைதான்; சந்தாவிலோ முன்கூட்டியே பேசிய விலை கிடைக்கிறது. பணமும் மாத முதல் வாரத்திலேயே கைக்கு வருகிறது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரு பண்ணைகள், பருவம் தொடங்கும் முன்பே நுகர்வோரிடம் பணம் பெற்றுக்கொண்டு விளைச்சலைப் பகிர்ந்து கொடுக்கும் முறையைத் தொடங்கின. நம் பகுதியில் நடப்பது அதன் சிறிய, எளிய வடிவம் எனலாம்.

இத்தொழிலைத் தொடங்கக் கடன் கேட்கும்போது வங்கியில் திட்ட அறிக்கை கேட்பார்கள். கடன் வாங்காவிட்டாலும், எத்தனை சென்டில் கத்தரி, எத்தனை சென்டில் வெண்டை என்று முடிவு செய்ய ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் விதை, உரம், ஆள்கூலி, வண்டிச் செலவு ஆகியவற்றை விவசாயிகள் பைசா விடாமல் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வரி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சேர்ந்த குடும்பங்களில் மாதாமாதம் எத்தனை விலகிப் போகும் என்பதே அந்த வரி. சந்தாத் தொழில் வங்கிக் கடனைக் கட்டுமா, கட்டாதா என்பது பெரிதும் இந்த வரியைப் பொறுத்தே அமைகிறது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். கோவைக்கு அருகே ஐந்து சிறு விவசாயிகள் கூடிக் காய்கறிச் சந்தா தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு பை, பைக்கு 5 கிலோ காய்கறி. மாதத்திற்கு நான்கு பைகள், சந்தா ரூ.1,000. இதில் காய்கறி விளைவித்தவருக்குக் கிலோவுக்கு ரூ.30 வீதம் ரூ.600 போய்விடும். தரம் பிரித்தல், பை, வண்டி, கொண்டு போய்க் கொடுப்பவர் கூலி எல்லாம் சேர்த்து நடைக்கு ரூ.60 வீதம் மாதம் ரூ.240. குழுவின் கையில் நிற்பது குடும்பத்துக்கு மாதம் ரூ.160.

புதிய குடும்பத்தைச் சேர்க்கவும் செலவு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு, முதல் பையை இலவசமாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம். பையைப் பெற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் சேர்ந்துவிடுவதில்லை. இரண்டு பேருக்குக் கொடுத்தால் ஒருவர் சேர்வார் எனக் கொண்டால், ஒரு பைக்கு அடக்கம் ரூ.210 வீதம் இரண்டு பைகளுக்கு ரூ.420, துண்டு அறிக்கைக்கு ரூ.30, ஆக ஒரு குடும்பத்தைச் சேர்க்க ரூ.450 செலவாகிறது.

குழுவினர் மாதம் 30 குடும்பங்களைச் சேர்க்க முடியும் என்று மதிப்பிடுகிறார்கள். இது நடக்கக்கூடியதே. ஆகவே ஆண்டு முடிவில் 12 முறை 30, அதாவது 360 குடும்பங்கள் என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். 360 குடும்பங்களுக்கு மாதம் ரூ.57,600 கையில் நிற்கும். அதில் புதிதாகச் சேர்க்கும் செலவு ரூ.13,500 போக ரூ.44,100 மிச்சம். கடன் தவணை மாதம் ரூ.25,000 என்றாலும் தாராளமாகக் கட்டலாம் என்று தோன்றுகிறது.

இக்கணக்கின்படி முதல் மாதம் சேர்ந்த 30 குடும்பங்களில் ஒன்றுகூடப் பன்னிரண்டாம் மாதம் வரை விலகவில்லை. அப்படி எந்த ஊரிலும் நடப்பதில்லை. வீடு மாற்றிப் போகிறவர்கள் உண்டு. வாசலுக்கே வரும் தள்ளுவண்டிக்காரரிடம் பொறுக்கி எடுத்து வாங்குவதே நல்லது என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. மூன்று வாரம் தொடர்ந்து சுரைக்காய் வந்ததும் கைகூப்பி அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு.

குளமும் கசிவும்

மாதம் பத்துக்கு ஒருவர், அதாவது 10 சதவீதம் விலகுகிறார்கள் என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். முதல் மாத முடிவில் 30. இரண்டாம் மாதம் அதில் 3 போய், 30 சேர்ந்து 57. மூன்றாம் மாதம் 81. இப்படியே போட்டுக்கொண்டு வந்தால் பன்னிரண்டாம் மாதம் வருவது 360 அல்ல, 215.

இதைவிட முக்கியமானது, அதன் பிறகு நடப்பது. 300 குடும்பங்கள் ஆனதும் மாதம் 30 விலகும், 30 சேரும். எண்ணிக்கை அதற்கு மேல் ஏறாது. குளத்துக்கு வாய்க்காலில் ஒரே அளவு நீர் வந்துகொண்டிருந்தாலும், மட்டம் உயர உயரக் கசிவும் கூடி, ஓரிடத்தில் வரத்தும் கசிவும் சமமாகிக் குளம் நின்றுவிடுவதைப் போன்றது இது. எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை அறிவது எளிது: மாதம் சேர்வோர் எண்ணிக்கையை விலகும் விகிதத்தால் வகுத்துவிட வேண்டும். பத்துக்கு ஒருவர் விலகினால் 30ஐப் பத்தால் பெருக்கி 300. இருபதுக்கு ஒருவர் என்றால் 30ஐ இருபதால் பெருக்கி 600. ஐந்துக்கு ஒருவர் என்றால் 150தான். சிறிய குளிர்பதனக் கிடங்கு, இரண்டாவது வண்டி போன்றவற்றுக்குக் கடன் வாங்கும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும். குளம் நிற்கும் மட்டத்துக்கு மேல் கரை கட்டுவது வீண் செலவு.

விலகும் விகிதத்தைக் கணக்கிடுவதிலேயே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். மாதத் தொடக்கத்தில் 100 குடும்பங்கள். மாதத்தில் 50 புதிதாகச் சேர்ந்தன. முன்பிருந்த 100இல் 15 விலகின என்று வைத்துக்கொள்வோம். 15ஐ 150ஆல் வகுத்து 10 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். புதிதாக வந்த 50 பேருக்கு முதல் மாதச் சந்தாவே இன்னும் முடியவில்லை. அவர்கள் விலகுவதற்கு வாய்ப்பே வரவில்லை. விலகியவர்களைத் தொடக்கத்தில் இருந்தவர்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் விகிதம் 15 சதவீதம். தொழில் வேகமாக வளரும் காலத்தில் இந்தத் தவறு பெரிதாக இருக்கும். விலகல் குறைவு என்ற நம்பிக்கையும் அப்போதுதான் மிகுதியாக இருக்கும்.

நாற்று பிடிப்பதும் குடும்பம் நிலைப்பதும்

மாதம் இத்தனை சதவீதம் என்று ஒரே அளவாகக் கொள்வதும் முழுக்கச் சரியல்ல. தக்காளி நாற்று நட்டால் முதல் பத்து நாளில் சில செடிகள் போய்விடும். வேர் பிடித்துக்கொண்ட செடி அதன்பின் எளிதில் போவதில்லை. சந்தாதாரர்களும் அப்படியே. முதல் மாத முடிவில் மீண்டும் பணம் கட்டும் நேரத்தில்தான் மிகுதியானவர்கள் விலகுகிறார்கள். மூன்று மாதம் தாண்டிய குடும்பம், பை வரும் கிழமையை ஒட்டியே சமையலைத் திட்டமிடப் பழகிவிடுகிறது.

ஆகையால் சந்தாதாரர்களை மொத்தமாக எண்ணாமல், எந்த மாதம் சேர்ந்தார்களோ அந்த மாதத்துத் தொகுதியாகப் பிரித்து எண்ண வேண்டும். ஒரு நோட்டில் தை மாதம் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி, மாசி மாதம் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி என்று போட்டு, ஒவ்வொரு மாதமும் அந்த வரியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எழுதி வந்தால் போதும்.

நம் எடுத்துக்காட்டில் ஒரு தொகுதியில் 30 பேர் சேர்கிறார்கள். முதல் மாதம் முடிந்ததும் 9 பேர் விலகி 21 பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் 3 பேர் போய் 18. அதன்பின் மாதம் இருபதுக்கு ஒருவர் என்ற அளவில் மெதுவாகக் குறைந்து, பன்னிரண்டாம் மாதத்தில் அத்தொகுதியில் 11 பேர் நிற்கிறார்கள். இந்த வேகத்தில் எல்லாத் தொகுதிகளையும் கூட்டினால் ஆண்டு முடிவில் மொத்தம் 195 குடும்பங்கள். ஒரே அளவு 10 சதவீதம் என்று கொண்டபோது 215 வந்தது நினைவிருக்கலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் இது தலைகீழாகிறது. தொகுதிக் கணக்கில் 295 குடும்பங்கள் இருக்கும். ஒரே அளவுக் கணக்கில் 276தான். வேர் பிடித்த பழைய குடும்பங்கள் பெருகிவிடுவதே இதற்குக் காரணம். எனவே சராசரியை மட்டும் நம்பித் திட்டமிட்டால், கடன் தவணை தொடங்கும் முதலாண்டில் நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தோன்றும். தட்டுப்பாடு வருவதும் அந்த ஆண்டில்தான்.

195 குடும்பங்களுக்குக் குழுவின் கையில் நிற்பது மாதம் ரூ.31,200. புதியவர்களைச் சேர்க்கும் செலவு ரூ.13,500 போக ரூ.17,700. தவணை ரூ.25,000. பன்னிரண்டாம் மாதத்தில்கூட மாதம் ரூ.7,300 துண்டு விழுகிறது.

நிலத்தில் என்ன ஆகும்

துண்டு விழுவது இதோடு நிற்பதில்லை. பலசரக்குக் கடைக்காரர் சரக்கு மிஞ்சினால் அடுத்த வாரம் குறைத்து வாங்கிக்கொள்வார். விவசாயிக்கு அது முடியாது. கீரை 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அதைக் கூட்டிக் குறைப்பது எளிது. வெண்டை விதைத்து 45 நாளில் முதல் பறிப்பு. தக்காளிக்கு நாற்றங்காலில் 25 நாள், நட்டபின் ஏறக்குறைய இரண்டு மாதம். கத்தரியும் ஏறத்தாழ அப்படியே. காய்க்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் காய்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே இன்று நாற்று விடுவது, மூன்று மாதம் கழித்து இருக்கப்போகும் சந்தாதாரர்களுக்காக. அன்று எத்தனை பேர் இருப்பார்கள் என்ற ஊகமே இன்று நிலத்தில் பாத்தியாக மாறுகிறது.

360 குடும்பங்களுக்கு மாதம் 7,200 கிலோ வேண்டும் என்று பயிரிட்டு, 195 குடும்பங்களே இருந்தால் தேவை 3,900 கிலோதான். மிச்சம் 3,300 கிலோவும் மண்டிக்குப் போக வேண்டும். மண்டியில் சந்தா விலையைவிடக் கிலோவுக்கு ரூ.15 குறைவாகக் கிடைத்தால், விளைவித்தவர்களுக்கு அந்த ஒரு மாதத்தில் ரூ.49,500 குறையும். குழுவின் கையில் நிற்கும் மொத்தத் தொகையைவிட இது அதிகம். குழுக்களில் மனத்தாங்கல் தொடங்கும் இடமும் பெரும்பாலும் இதுவே. உன் கத்தரியை எடுத்தார்கள், என் கத்தரியை எடுக்கவில்லை என்று பேச்சு வந்துவிடும்.

இதற்கு ஏற்ற முறை ஒன்று உண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய், முருங்கை போன்ற நீண்ட நாள் பயிர்களை, குறைந்தபட்சம் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கும் குடும்பங்களின் அளவுக்கே பயிரிட வேண்டும். கீரை, முள்ளங்கி, கொத்தவரை போன்ற குறுகிய காலப் பயிர்களைக் கொண்டு மேல் அளவைச் சரிக்கட்டலாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் வாங்கிக் கொடுக்கலாம். வாங்கிக் கொடுப்பதில் இலாபம் குறைவுதான். எனினும் பறித்த காயை மண்டியில் விட்டுவிட்டு வருவதைவிட அது மேல்.

முதல் மாதத்தில் மூன்று பேர்

சேர்க்கும் செலவு எப்போது திரும்புகிறது என்பதையும் தொகுதி நோட்டே காட்டும். 30 பேரைச் சேர்க்க ரூ.13,500 செலவானது. முதல் மாதம் அவர்களிடமிருந்து ரூ.4,800 நிற்கும், இரண்டாம் மாதம் 21 பேரிடமிருந்து ரூ.3,360, மூன்றாம் மாதம் 18 பேருக்கு ரூ.2,880, நான்காம் மாதம் 17 பேருக்கு ரூ.2,720. நான்காம் மாத முடிவில் ரூ.13,760 வந்து போட்ட பணம் திரும்புகிறது. முதல் மாதத்திலேயே பாதிப்பேர் விலகினால், அதே பணம் திரும்ப ஆறாம் மாதம் ஆகிவிடும்.

முதல் மாதத்தில் 9 பேருக்குப் பதில் 6 பேர் மட்டுமே விலகுமாறு செய்ய முடிந்தால் என்ன நடக்கும்? தொகுதிக்கு மூன்று பேர்தான் வேறுபாடு. ஆனால் அவர்கள் பின்னால் வரும் எல்லா மாதங்களிலும் தொடர்வதால், ஆண்டு முடிவில் 195க்குப் பதில் ஏறக்குறைய 218 குடும்பங்கள் இருக்கும். இந்த 23 குடும்பங்களைப் புதிதாகச் சேர்த்துப் பெற வேண்டுமானால் மாதம் 4 பேரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அதற்கு மாதம் ரூ.1,800 ஆகும்.

முதல் மாதத்தில் விலகுவோர் சொல்லும் காரணங்கள் பெரிய இரகசியமல்ல. இரண்டு பேர் மட்டுமுள்ள வீட்டுக்கு 5 கிலோ மிகுதி. குளிர்பதனப் பெட்டியில் வாடிய காய் தங்கிவிடுகிறது. அவ்வீடுகளுக்கு 3 கிலோ பை ஒன்று வைத்திருந்தால் விலகல் குறையும். வீட்டில் யாரும் சாப்பிடாத ஒரு காயை மாற்றிக்கொள்ள உரிமை கொடுப்பது மற்றொன்று. கீரையை வெயில் ஏறும் முன் அறுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, மற்றக் காய்களுக்கு மேலே வைத்து அனுப்ப வேண்டும். அடியில் நசுங்கிய கீரையே பல வீடுகளில் முதல் குறையாகச் சொல்லப்படுகிறது. வருவதாகச் சொன்ன கிழமையும் நேரமும் தவறக்கூடாது.

விலகுபவர் பெரும்பாலும் நேராகச் சொல்லி விலகுவதில்லை. "இந்த வாரம் வேண்டாம் தம்பி, போன வாரத்துக் காயே இருக்கு" என்பது முதல் அறிகுறி. இரண்டாம் முறையும் அதே சொல் வந்தால், குழுவில் மூத்தவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டுப் பையின் அளவைக் குறைத்தோ, காயை மாற்றியோ தருவது நல்லது. சிலர் விலக வேண்டுமென்று விலகுவதில்லை. பணம் கட்ட மறந்துவிடுகிறார்கள், குழுவும் பையை நிறுத்திவிடுகிறது. இவர்களைத் தனியாகக் குறித்துவைத்து மூன்று நாள் முன்னதாகச் செய்தி அனுப்பினாலே பாதிக்கு மேல் தீரக்கூடிய குறை இது.

இதற்காகவே நோட்டில் விலகல் என்றால் என்ன என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து நான்கு வாரம் பை எடுக்காமலும் பணம் கட்டாமலும் இருந்தால் விலகியவர் என்று கொள்ளலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம், வைகாசியில் மீண்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னவர் நிறுத்திவைத்தவர், விலகியவர் அல்லர். இவ்விரண்டையும் கலந்துவிட்டால் சித்திரையில் தொழில் சரிந்துவிட்டதாகவும், வைகாசியில் ஓங்கியதாகவும் நோட்டு காட்டும். இரண்டும் உண்மையாக இரா.

எந்த எண்ணைத் திட்டத்தில் எழுதுவது

தொடங்காத தொழிலுக்கு விலகல் விகிதத்தை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வி நியாயமானது. பக்கத்து ஊரில் பால் ஊற்றுபவரின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பால் அன்றாடத் தேவை. இன்ன பால் வேண்டும் என்று பொறுக்கி எடுப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. காய்கறிப் பையில் விலகல் அதைவிட மிகுதியாகவே இருக்கும் என்று கொள்வது பாதுகாப்பு.

சிறந்த வழி, கடனுக்குப் போகும் முன் சிறிய அளவில் நான்கு மாதம் நடத்திப் பார்ப்பது. இருக்கிற நிலத்தில், வாடகை வண்டியில், மூன்று மாதம் தொடர்ந்து மாதம் 20 குடும்பங்களைச் சேர்த்து நடத்தினால் மூன்று தொகுதிகள் கிடைக்கும். ஒரு தொகுதியை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. 30 பேர் உள்ள தொகுதியில் உண்மையான போக்கு 9 பேர் விலகுவதாக இருந்தாலும், ஒரு மாதம் 6 பேரும் மற்றொரு மாதம் 12 பேரும் விலகுவது தற்செயலாகவே நிகழும். 6 என்று வந்ததும் மகிழ்ந்து நாற்றங்காலைப் பெரிதாக்குவதும், 12 என்று வந்ததும் பையின் விலையைக் குறைப்பதும் அவசரம். மூன்று தொகுதிகளையும் கூட்டிப் பார்த்தால் ஓரளவு நம்பத்தக்க எண் வரும்.

எந்த மாதத்தில் சேர்ந்தவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புரட்டாசியில் அசைவம் தவிர்க்கும் வீடுகள் மிகுதி. அம்மாதம் காய்கறிப் பைக்கு ஆட்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். ஐப்பசி பிறந்ததும் அவர்களில் பலர் பையைக் குறைத்துவிடுவார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள். புரட்டாசித் தொகுதி சேர்க்கையிலும் மற்றத் தொகுதிகளைப் போன்றதன்று, விலகலிலும் அன்று. அதை வைத்து ஆண்டுத் திட்டம் போடுவது, ஐப்பசி மழையைப் பார்த்துக் கோடைப் பாசனத்துக்குக் கணக்குப் போடுவது போலாகும். புரட்டாசித் தொகுதியை நோட்டில் தனி மையில் எழுதிவைப்பது நலம்.

மாதம் 30 பேர் சேர்வார்கள் என்ற எண்ணும் என்றும் நிற்காது. ஒரு குடியிருப்பில் 200 வீடுகள் இருந்தால், விருப்பமுள்ளவர்கள் முதல் சில மாதங்களிலேயே சேர்ந்துவிடுவார்கள். விலகிப் போனவர்களிடம் இரண்டாம் முறை இலவசப் பையைக் காட்டிச் சேர்ப்பது கடினம். புதிய குடியிருப்புக்குப் போனால் வண்டிச் செலவு கூடும். ஆகவே இரண்டாம் ஆண்டுக்குச் சேர்க்கையைக் குறைத்து எழுதுவதே பொருத்தம்.

இவ்வளவும் பார்த்தபின், திட்டத்தில் ஒரே எண்ணை எழுதாமல் மூன்று நிலைகளை எழுத வேண்டும். நடத்திப் பார்த்ததில் முதல் மாதம் 30க்கு 9 பேர் விலகியிருந்தால், நடுத்தர நிலைக்கு 9. நல்ல நிலைக்கு 6. மோசமான நிலைக்கு 15, அதாவது பாதி. நம் எடுத்துக்காட்டில் மோசமான நிலையைக் கணக்கிட்டால் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 148 குடும்பங்களே இருக்கும். மாதம் கையில் நிற்பது சேர்க்கும் செலவு போக ஏறக்குறைய ரூ.10,200. கடன் தவணை இதற்குள் அடங்குமாறு கடனைக் குறைத்து வாங்க வேண்டும். அல்லது முதலாண்டில் வட்டி மட்டும் கட்டி, அசலை இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டும் ஏற்பாட்டை வங்கியில் கேட்க வேண்டும். வண்டி வாங்குவதை ஓராண்டு தள்ளிவைத்து வாடகை வண்டியிலேயே ஓட்டுவது இன்னும் எளிய வழி. நீண்ட நாள் பயிர்களின் பரப்பையும் இந்த 148 என்ற எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 195ஐ வைத்து அல்ல.

ஆண்டுச் சந்தா

சில குழுக்கள் பத்து மாதச் சந்தாவைக் கட்டினால் பன்னிரண்டு மாதம் பை கிடைக்கும் என்று ஆண்டுச் சந்தா பெறுகின்றன. முன்பணம் கிடைப்பதால் இது கவர்ச்சியாகத் தோன்றும். நம் கணக்கில் குடும்பத்துக்கு மாதம் நிற்பதே ரூ.160, இரண்டு மாதச் சந்தாவான ரூ.2,000ஐ விட்டுக்கொடுத்தால் ஆண்டு முழுதும் நிற்கும் ரூ.1,920க்கும் மேலாகப் போய்விடும். தள்ளுபடி கொடுப்பதானால் அரை மாதத்துக்கு மேல் கொடுக்க இடமில்லை.

ஆண்டுச் சந்தாதாரர் விலகினாலும் பதின்மூன்றாம் மாதம் வரை நோட்டில் தெரியாது. அதுவரை விலகலே இல்லை என்று நோட்டு காட்டும். பிறகு ஒரே மாதத்தில் மொத்தமாகப் போவார்கள். எனவே அவர்களை மாதச் சந்தாதாரர்களோடு கலந்து எண்ணாமல் தனிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொருவருக்கும் புதுப்பிக்கும் மாதத்தைக் குறித்து வைக்க வேண்டும். அவர்கள் பையைத் தள்ளிவைக்கும் வாரங்களையும் எழுதி வந்தால், யார் புதுப்பிக்கமாட்டார்கள் என்பது சில மாதம் முன்னதாகவே தெரிந்துவிடும். அவர்கள் கட்டிய முன்பணத்தில் இன்னும் கொடுக்க வேண்டிய பைகளுக்கான தொகை குழுவின் வருமானமல்ல, கடனே. வங்கியில் அதைத் தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் பை கொடுத்த பின் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுத்து வர வேண்டும்.